கரிசல் காற்றில் ஆர்கிட்டைக் காயப்போடாதீர்கள்

ஆர்கிட் வாங்கப் போனால் செடியோடு ஓர் அறிவுரையும் சேர்ந்து வரும். "தண்ணி மட்டும் அதிகமா ஊத்திராதீங்க. சந்தேகமா இருந்தா ஊத்தாம இருங்க. தாகத்துல செத்த ஆர்கிட் கிடையாது, தண்ணியில செத்ததுதான் உண்டு." நர்சரிக்காரர் சொல்வார், ஏற்கெனவே வளர்க்கிற உறவினர் சொல்வார், இரண்டு செடியைச் சாகக்கொடுத்தவர் இன்னும் அழுத்தமாகச் சொல்வார். எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதால் அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. வேர் வெள்ளி நிறத்தில் சுருங்கி, இலை தோல் வார் மாதிரி தொங்குகிற செடியின் முன்னால் நின்றுகொண்டும் "இன்னும் ரெண்டு நாள் பொறுப்போம்" என்கிறார்கள்.

அந்தச் செடிக்கு இந்த அறிவுரை தவறு என்பது என் வாதம். அதிலும் கோவில்பட்டி, எட்டயபுரம், பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் என்று விரிகிற இந்தக் கரிசல் பக்கத்தில் அது செடியைக் கொல்லும் தவறு. வேர் சுருங்கி இலையும் துவண்டுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது ஊறவைப்பது. காத்திருக்கலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வர வேண்டும். கடைகளில் அதிகம் விற்கிற ஃபெலனாப்சிஸை வைத்தே பேசுகிறேன். பட்டாம்பூச்சி வடிவத்தில் பூக்கிறதே, அதுதான்.

"அதிகத் தண்ணீர்தான் ஆர்கிட்டைக் கொல்கிறது" என்பது ஆதாரமில்லாத பேச்சு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் வெப்ப நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆர்கிட்டுகளைக் கொண்டுபோய்க் கண்ணாடி வீடுகளில் அடைத்தார்கள். எல்லா ஆர்கிட்டும் புழுங்குகிற காட்டில்தான் வளரும் என்று நினைத்துச் சூட்டையும் ஈரத்தையும் ஏற்றிக் காற்றை அடைத்தார்கள். செடிகள் கூட்டம் கூட்டமாக அழுகின. சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் காற்றோட்டம் கொடுத்து, சூட்டைக் குறைத்து வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. அங்கே செடிகளைக் கொன்றது மூச்சு முட்டிய வேர். அதாவது காற்றில்லாத ஈரம். "காற்றில்லாமல் நனைக்காதே" என்று வந்திருக்க வேண்டிய பாடம் நாளடைவில் சுருங்கி "நனைக்காதே" என்று ஆகிவிட்டது. குளிர் நாட்டு ஜன்னலோரத்தில் பாசியில் இறுக்கிய தொட்டி காயப் பத்து நாளுக்கு மேலாகும். அங்கே இந்தச் சுருக்கம் பெரிய கெடுதல் செய்யாது. அதே வாக்கியத்தை அப்படியே ஆனி மாதப் பசுவந்தனைக்கு இறக்குமதி செய்வதுதான் பிரச்சினை.

முதலில் வேரைப் பார்ப்போம். ஃபெலனாப்சிஸ் மண்ணில் வளர்கிற செடி அல்ல. மரக்கிளையில் ஒட்டி வாழ்வது. அதன் வேரைச் சுற்றி வெலமன் என்ற உறை இருக்கிறது. அந்த உறையின் செல்கள் வளர்ந்து முடிந்ததும் இறந்து, உள்ளே வெறும் காற்று நிற்கும் கூடுகளாகிவிடும். காய்ந்திருக்கும்போது அந்தக் காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அதனால் வேர் வெள்ளியாகத் தெரிகிறது. தண்ணீர் பட்டதும் கூடுகள் நிரம்பி உறை கண்ணாடியாகிவிட, அடியில் உயிரோடு இருக்கிற திசுவின் பச்சை வெளியே தெரிகிறது. ஜெர்மனியின் கெர்ஹார்ட் சோட்ஸும் உவே விங்க்ளரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஆர்கிட் வேர்களில் இந்த உறை சில நொடிகளிலேயே நீரைப் பிடித்துக்கொள்வதையும், பிடித்ததை ஆவியாக இழக்க மணிக்கணக்கில் ஆவதையும் காட்டினார்கள். அதாவது எப்போதோ வருகிற மழையைக் கண நேரத்தில் பிடித்து, நிதானமாக உள்ளே கடத்துகிற ஏற்பாடு அது.

ஆகவே வெள்ளி நிறம் என்பது நோய் அல்ல, அபாய அறிகுறியும் அல்ல. உறை காலியாக இருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். வேர் வெள்ளியாக, ஆனால் பருமனாக, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருந்தால் ஒரு நாள் தாமதித்தாலும் ஒன்றும் ஆகாது. காத்திருக்கச் சொல்கிறவர்கள் இந்த நிலையை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். சுருக்கம் விழுந்த வேரின் கதை வேறு. நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால், உறை காலியாகி, அதற்கு அடியில் உள்ள உயிருள்ள திசுவும் தன் நீரை இழக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நுனியில் பச்சையாகவோ செம்மையாகவோ இருக்கிற வளரும் பகுதியை வெள்ளை மூடிவிட்டிருந்தால் வேர் வளர்ச்சியையே நிறுத்திவிட்டது. நிறம் ஒன்று சொல்கிறது, சுருக்கம் இன்னொன்று சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு "வெள்ளையானா ரெண்டு நாள் பொறு" என்பவர்களுக்குச் செடி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தெரியாது.

அடுத்து காற்று. ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற மேல்காற்று, கயத்தாறில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று. மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வறண்டு வந்து சேர்கிறது. மதியம் 36 டிகிரி வெப்பமும் 35 சதவீத ஈரப்பதமும் இருந்தால், காற்று இன்னும் எவ்வளவு நீராவியை இழுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போடலாம். 21 டிகிரியும் 50 சதவீதமும் உள்ள ஓர் ஐரோப்பிய அறையைவிட அது சுமார் 3 மடங்கு வருகிறது. இது காற்று அசையாமல் நிற்கிற கணக்கு. வீச ஆரம்பித்தால் இன்னும் வேகமாக உறிஞ்சும். அங்கே பத்து நாளில் காய்கிற தொட்டி இங்கே மூன்று நாளில் காய்ந்துவிடும். நாள் கணக்கில் சொல்லப்படுகிற எந்த விதியும், அது ஏழு நாளோ பத்து நாளோ, யாருடைய காற்றில் என்று சொல்லாதவரை அர்த்தமில்லாதது.

ஃபெலனாப்சிஸின் இலை பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும், அதனால் அது சிக்கனக்காரச் செடி என்று ஒருவர் மறிக்கலாம். சரிதான். ஆனால் அந்தச் சிக்கனம் இரவு குளிரும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. கோடையில் இங்கே நள்ளிரவிலும் வெக்கை இறங்குவதில்லை. துளைகள் திறக்கிற நேரத்திலும் காற்று இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. வேரின் உறைக்கோ மூடிக்கொள்ள கதவே கிடையாது. பகலெல்லாம் அது காய்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "இலை துவளுவது தாகத்தால் மட்டும் இல்லை; வேர் அழுகிப்போனாலும் இலை இப்படித்தான் துவளும். அழுகின செடிக்குத் தெரியாமல் இன்னும் தண்ணீர் கொடுத்தால் முடிந்தது கதை. ஆகவே காத்திருப்பதுதான் பத்திரம்." முதல் வாக்கியம் முழு உண்மை. வேர் காய்ந்தாலும் அழுகினாலும் இலைக்குத் தண்ணீர் வரவில்லை. இலைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் இதிலிருந்து காத்திருக்க வேண்டும் என்ற முடிவு எப்படி வருகிறது? இந்த ஊர்ச் சம்சாரியைப் பாருங்கள். பருத்தி துவண்டு நின்றால் அது மண் காய்ந்ததாலும் இருக்கலாம், வாடல் நோயாலும் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். அதற்காக அவர் வரப்பில் உட்கார்ந்து பத்து நாள் யோசிப்பதில்லை. காலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார். ஈரம் இருந்தும் செடி துவண்டிருந்தால் ஒன்றைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து, உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு காரணம் இருக்கலாம் என்றால் எது என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் இருப்பதைப் பத்திரம் என்று யாரும் சொல்வதில்லை, ஆர்கிட்காரர்களைத் தவிர.

இன்னொன்றும் சொல்கிறேன்: வேர் அழுகியிருந்தால்கூடக் காத்திருப்பது மருந்து இல்லை. அழுகிய பாசிக்குள் செடியை வைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் நிறுத்தினால், மிச்சமிருக்கிற நல்ல வேரும் முதலில் அழுகலில் கிடக்கும், பிறகு காய்ச்சலில் கிடக்கும். வேண்டியது செடியை வெளியே எடுத்து, அழுகியதை வெட்டி, காற்றோட்டமான பட்டைத் துண்டுகளில் வைத்து, மீதி வேரை நனைப்பது. தாகமோ அழுகலோ, இரண்டு வழியிலும் செடி நீரில்லாமல்தான் கிடக்கிறது. இரண்டிலும் சும்மா இருப்பது உதவாது.

பசுவந்தனையில் ஒரு வீட்டின் தார்சாவில் ஆனி மாதம் பார்த்த செடியை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற டீச்சர். மதுரையிலிருந்து வந்த வெள்ளைப் பூ ஃபெலனாப்சிஸ். பூ கொட்டி நாளாகியிருந்தது. கீழ் இலைகள் இரண்டும் மடிந்து தொட்டி விளிம்பில் கிடந்தன. மேல் இலை மட்டும் ஓரளவு நிமிர்ந்திருந்தது. தொட்டிக்கு வெளியே நீண்ட வேர்கள் வெள்ளியாகச் சுருங்கியிருந்தன. "வாரம் ஒருதடவை ஒரு டம்ளர் ஊத்துறேன், அதுக்கு மேல ஊத்தக் கூடாதுன்னாங்க" என்றார்.

முதலில் தொட்டியைக் கையில் தூக்கினோம். வெற்றுத் தொட்டியின் கனம்தான் இருந்தது. இது ஒன்றே பாதி விடை. அழுகல் தொட்டி கனக்கும், மூக்குக்கருகே கொண்டுபோனால் சாக்கடை வாடை வரும். இதில் வாடையும் இல்லை. அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தோம். ஊற்றிய வேகத்தில் அடித் துளை வழியாக அப்படியே வெளியே வந்தது. வாராவாரம் ஊற்றிய தண்ணீர் போன இடமும் அதுதான். முழுக்கக் காய்ந்த பட்டையும் பாசியும் தண்ணீரைத் தள்ளிவிடும்; உறிஞ்சாது. நீர் தொட்டியின் ஓரத்தைப் பிடித்து இறங்கிப் போய்விடும். மனிதருக்கு ஊற்றிய திருப்தி, செடிக்கு ஒன்றுமில்லை. ஊறவைப்பதை நான் வலியுறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம். காய்ந்த ஊடகத்தை மேலிருந்து ஊற்றி நனைக்க முடியாது.

பிறகு ஒரு வாளியில் மழைத் தண்ணீர். டீச்சர் வீட்டில் மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிற வழக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று. தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நிற்கும்படி இறக்கினோம். இலைகள் சேருகிற குருத்துக்குள் தண்ணீர் போகக் கூடாது என்பதற்காக இந்தக் கவனம். தொட்டிக்கு வெளியே தொங்கிய வேர்களையும் வளைத்து, உடையாமல், நீருக்குள் விட்டோம். காய்ந்த வேரை வளைத்தால் ஒடியும். கொஞ்சம் நனைந்த பிறகு வளைத்தால் இணங்கும். இருபது நிமிடம் வைத்திருந்தோம்.

இந்த இருபது நிமிடம் வைத்தியமும் சோதனையும் ஒன்றாக நடக்கிற நேரம். உயிருள்ள வேர் முதல் சில நிமிடங்களிலேயே பச்சையாகிவிடும். செத்த வேரும் தண்ணீரை உறிஞ்சும், ஏனென்றால் உறை எப்போதுமே செத்த செல்தான். ஆனால் உள்ளே பச்சை இல்லாததால் அழுக்குச் சாம்பலாகவோ பழுப்பாகவோ நிற்கும். அதை விரலால் அழுத்தினால் தட்டையாகும். இழுத்தால் உறை கழன்று நடுவில் இருக்கிற கம்பி போன்ற நரம்பு மட்டும் கையில் வரும். தொட்டிக்குள் வெளிச்சமே படாத வேர் உயிரோடு இருந்தாலும் பச்சையாகாது, வெளிர் மஞ்சளாகத்தான் தெரியும். அங்கே நிறத்தை நம்பாமல் அழுத்தத்தை நம்ப வேண்டும். வேரின் மேல் பாசி படிந்து பச்சையாகத் தெரிந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள், போய்விடும். டீச்சர் வீட்டுச் செடியில் வெளி வேர்களில் பெரும்பாலானவை பச்சைக்கு வந்தன. உள்ளே பாதிக்கு மேல் கெட்டியாக இருந்தன. மிச்சம் காய்ந்த நூல். அதாவது செடிக்குத் தண்ணீர் இழுக்கப் போதுமான வேர் இருந்தும் வாரக்கணக்கில் தண்ணீர் எட்டவில்லை. அதிகத் தண்ணீர் கொல்லும் என்று பயந்தே பட்டினி போட்டிருக்கிறார்கள்.

"ஒரேயடியா ஊறவச்சா அதிர்ச்சியாகி அழுகிரும்" என்று பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒருவர் சொன்னார். இதுவும் பரவலான நம்பிக்கை. மரத்தில் இருக்கிற செடிக்கு மழை என்ன சொட்டுச் சொட்டாகப் பழக்கிவிட்டா வருகிறது? எத்தனை நாள் காய்ந்திருந்தாலும் ஒரே மழையில் முழுக்க நனையும். அழுகலுக்கு வேண்டியது நாள் கணக்கில் காற்றில்லாமல் நிற்கிற ஈரம். இருபது நிமிடத்தில் அழுகல் தொடங்காது. எடுத்து வடியவிட்டால் வேரைச் சுற்றிக் காற்று திரும்பி வந்துவிடுகிறது.

அதே காரணத்தால் எதிர்முனையில் இருக்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி முழுக்க, சிலர் ஒரு நாள் முழுக்க, ஊறவைக்கச் சொல்கிறார்கள். உறை நிரம்புவது நொடிகளில் என்றால், எட்டு மணி நேரம் தண்ணீரில் கிடப்பதால் உறைக்கு என்ன கூடுதல் லாபம்? ஊடகம் நனைய இருபது நிமிடம், முழுக்க விறைத்துக் காய்ந்த பாசி என்றால் அரை மணி, போதும். உறையிலிருந்து உள்ளே கடந்து, தண்டேறி இலைக்குப் போவதுதான் மெதுவாக நடக்கிற காரியம். அது நாள் கணக்கில் நடக்கும், நீளமாக முக்குவதால் வேகப்படாது. தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் நகர்வதோ காற்றில் நகர்வதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாக. வெயில் காலத்தில் நீர் சூடாகும்போது அதில் கரைகிற ஆக்ஸிஜன் குறையும், வேரின் சுவாசத் தேவையோ கூடும். குளிர் ஊரில் ராத்திரி முழுக்கத் தாங்குகிற வேர் இங்கே தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே குறுகிய முக்கல், அடிக்கடி. டீச்சருக்குச் சொன்னது: முதல் வாரம் தினமும் காலையில் இருபது நிமிடம், எடுத்து நன்றாக வடியவிட்டு, பகலில் காற்றுப்படும் நிழலில். காலை ஏனென்றால் குருத்தில் தெறித்த துளி ராத்திரிக்குள் காய்ந்துவிடும். தங்கினால் காகிதத்தின் முனையால் ஒற்றி எடுக்க வேண்டும். குருத்து அழுகினால் ஃபெலனாப்சிஸுக்கு மறுபிழைப்பு அநேகமாக இல்லை, அதற்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் வாரத்திலிருந்து தொட்டியின் கனத்தைப் பார்த்து ஒன்றுவிட்டு ஒரு நாள்.

பலரும் தடுமாறுகிற இடம் இதற்குப் பிறகுதான். இரண்டு நாள் ஊறவைத்தும் இலை நிமிரவில்லை என்றதும், "பார்த்தீங்களா, தண்ணீர் சரிப்படவில்லை" என்று திரும்பக் காயப்போடுவார்கள். இந்த இலை பருத்தி இலை மாதிரி சாயங்காலமே நிமிராது. தடித்த இலை, இழந்ததை மீட்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஆழமாக மடிந்த கீழ் இலை கடைசிவரை நிமிராமலே மஞ்சளாகி உதிரலாம், ஏனென்றால் தாகத்தில் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத்தான் இளைய இலையைக் காப்பாற்றியிருக்கும். வேரின் நுனியைப் பாருங்கள். வெள்ளை உறையைத் தாண்டிப் பளபளப்பான புதுப் பச்சை முளைத்தால் வைத்தியம் பிடித்துவிட்டது. டீச்சர் செடியில் இளைய இலை முதலில் கெட்டிப்பட்டது. அப்புறம் தண்டின் அடியில் புது வேர் எட்டிப் பார்த்தது. கீழ் இலை ஒன்று போய்விட்டது.

"நம்ம காட்டு மரத்துல இருக்கிற ஆர்கிட்டுக்கு யார் ஊறவைக்கிறா?" இதுதான் அடுத்த கேள்வி, கேட்பவருக்கு முகத்தில் வெற்றிச் சிரிப்போடு. வாண்டா டெஸ்ஸலேட்டா தமிழகச் சமவெளியின் பழைய மரங்களில் வாழ்கிறது. பார்ப்பவர்கள் பலர் அதைப் புல்லுருவி என்று நினைத்துக் கழிக்கிறார்கள். மழையில்லாத மாதங்களை அது தாண்டுவது உண்மை. ஆனால் அதன் இலை குறுகலானது, மடிந்து வாய்க்கால் மாதிரி இருப்பது, தோல் தடித்தது. வேர் பட்டையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும், பனியையும் பிடிக்கும். நாம் பார்ப்பது பிழைத்துக்கொண்ட செடியை மட்டும்; அதனோடு முளைத்துக் காய்ந்துபோனவற்றுக்குக் கணக்கில்லை. கடை ஃபெலனாப்சிஸின் முன்னோர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தைவான் பக்கத்து மழைக்காட்டுச் செடிகள். அங்கே ஆண்டு மழை பெரும்பாலும் 2000 மில்லிமீட்டரைத் தாண்டும், நாலு நாள் நனையாமல் இருப்பதே அபூர்வம். இங்கே 700 சொச்சம், அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில். அகன்ற, சதைப்பற்றான அந்த இலையைப் பக்கத்து மரத்து வாண்டாவோடு ஒப்பிட்டுப் பட்டினி போடுவது நியாயமில்லை. இலையில் சேமிப்பு இருக்கிறதே என்றால், இருந்தது. துவண்டுவிட்டது என்றால் அந்தச் சேமிப்பு செலவாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

ஊறவைக்கச் சொல்கிற நான் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பேன்: எந்தத் தண்ணீரில் என்பது. கரிசல் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். விலை குறைந்த டிடிஎஸ் மீட்டரை முக்கினால் 1000-ஐத் தாண்டிக் காட்டும் போர்கள் புதிதல்ல. ஃபெலனாப்சிஸுக்கு 200, 300 வரை நிம்மதி. 500-க்கு மேல் போகக் கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் போய் உப்பு தங்கும். ஊடகத்தில் உப்பு ஏறினால் வேர் ஈரத்திலேயே நின்றுகொண்டு தாகப்படும், ஏனென்றால் உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. தொட்டி கனமாக இருந்தும் வேர் சுருங்கியிருக்கிறது, நுனிகள் கருகியிருக்கின்றன, விளிம்பில் வெள்ளை பூத்திருக்கிறது என்றால் காரணம் உப்பு. காத்திருப்பதால் அது இன்னும் செறிவாகும். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி, துளை வழியாக நன்றாக ஓடவிட்டு அலச வேண்டும். தென்னை மட்டைத் துண்டுகளில் நட்டிருந்தால் இது இன்னும் அவசியம். மட்டையே உப்போடு வரும். கேன் தண்ணீரா, அதுவும் செடிக்கா என்று கேட்பார்கள். ஒரு செடிக்கு ஒரு வாளியில் நாலு லிட்டர் போதும். ஆனால் ஒரு செடி முக்கிய தண்ணீரில் அடுத்த செடியை முக்காதீர்கள், அழுகல் கிருமி அப்படித்தான் தாவுகிறது. மிஞ்சிய தண்ணீர் மல்லிகைக்குப் போகட்டும். உரத்தை இந்த நாட்களில் கலக்கவே வேண்டாம். வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூளைத் தூவச் சொல்வார்கள். அது காயவைக்கிற பொருள், சுருங்கிப்போன வேருக்கு எதிரி. வெட்டுகிற பிளேடை நெருப்பில் காட்டினால் போதும்.

ஊறவைத்துப் பார்த்ததில் ஒரு வேர்கூடப் பச்சையாகவில்லை, அழுத்தினால் ஒன்றுகூடக் கெட்டியாக இல்லை என்றால்? அப்போது முக்குவதில் பயனில்லை, தண்ணீர் ஏறப் பாதையே இல்லை. காத்திருக்கச் சொல்கிறவர்களுக்கு இங்கே ஒரு இடம் விட்டுக்கொடுக்கிறேன், ஆனால் தார்சாவின் காற்றில் சும்மா தொங்கவிடும் காத்திருப்பாக அது இருக்கக் கூடாது. செத்ததை வெட்டிவிட்டு, காற்றின் இழுப்பைக் குறைக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் பைக்குள் ஈரப் பாசியோடு கட்டி வைப்பார்கள். இந்த வெயிலில் பை வெந்துவிடும். அகலமான மண்பானையில் அடியில் நனைத்த மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு செங்கலை வைத்து, செடியை ஈரத்தில் படாமல் செங்கல் மேல் உட்காரவைத்து, வாயில் மெல்லிய துணியைக் கட்டி வீட்டுக்குள் வெளிச்சமான மூலையில் வைத்தால் சுற்றிலும் ஈரக் காற்று நிற்கும், பானை சூடாகாது. துணியைத் தினம் ஒருமுறை திறந்து காற்று மாற்ற வேண்டும். தண்டின் அடியில் புது வேர் வர வாரங்கள் ஆகும், சில செடிக்கு மாதங்கள். அதுவரை இலை தாங்குமா என்பது எவ்வளவு சேமிப்பு மிச்சம் என்பதைப் பொறுத்தது. முன்பே ஊறவைத்துப் பார்க்காமல் கழித்த வாரங்கள் இங்கேதான் கணக்கில் வருகின்றன.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட பிறகு, கரிசல் வெடிப்பெல்லாம் மூடி, துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாமல் கிடக்கும். அப்போது வேர் வெள்ளியாக, ஆனால் பருமனாகவே இருக்கும். தொட்டியைத் தூக்கினால் கனக்கும். அந்த ஆறேழு வாரம், சந்தேகம் வந்தால் ஊற்றாமல் பொறுத்திருங்கள் என்று சொல்கிறவர்கள் பசுவந்தனையிலும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.